கோலாலம்பூர் ரிப்போர்ட்டும் காரைக்குடி ரிப்போர்ட்டும்: எல்லாவற்றையும் 18-ஆல் வகுக்கக் கூடாது

வணக்கம். எங்கள் அப்பச்சிக்கு வயது 72, ரொம்ப வருஷமாகச் சுகர் இருக்கிறது. ஆறு மாதம் கோலாலம்பூரில் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் தேவகோட்டைக்கு வந்தார். அங்கே எடுத்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சுகர் 7.8, கொலஸ்ட்ரால் 5.4, கிரியேட்டினின் 115. வந்த மூன்றாம் நாள் காரைக்குடியில் எடுத்ததில் சுகர் 148, கொலஸ்ட்ரால் 196, கிரியேட்டினின் 1.4. "சுகர் ஏறிப்போச்சு, ஆனா கிட்னி சரியாயிடுச்சு" என்று சொல்லி, கிட்னிக்காக அங்கே எழுதிக் கொடுத்த மாத்திரையை அப்பச்சி நிறுத்திவிட்டார். 18-ஆல் வகுத்தால் ஒத்துவரும் என்கிறான் என் மகன். வகுத்தேன். சுகர் ஓரளவு ஒத்துவருகிறது, ஆனால் கொலஸ்ட்ரால் 10.9 என்றும் கிரியேட்டினின் 0.08 என்றும் வருகிறது. எதை நம்புவது?
— ஒரு வாசகி, தேவகோட்டை

ஆச்சி, கணக்கு அப்புறம். மாத்திரையை நிறுத்திய விஷயத்தை எழுதிக் கொடுத்த டாக்டரிடமோ உங்கள் ஊர் டாக்டரிடமோ இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் அப்பச்சி எதை வைத்து நிறுத்தினாரோ அந்தக் காரணமே இல்லை. 115 என்பது 1.4-ஆக இறங்கவில்லை. இரண்டையும் ஒரே அலகில் வைத்தால் அங்கே 1.3, இங்கே 1.4. இறங்காதது மட்டுமில்லை, பார்வைக்கு ஒரு படி ஏறித்தான் இருக்கிறது. அந்த ஏற்றம் நிஜமா என்பதைக் கீழே சொல்கிறேன்.

சுகரும் அப்படித்தான். 7.8-லிருந்து 148-க்குத் தாவவில்லை. அங்கே 140, இங்கே 148. கொலஸ்ட்ரால் அங்கே 209, இங்கே 196. வேறு வேறு நாளில், வேறு வேறு லேபில், வேறு சாப்பாட்டில் எடுத்த மூன்று சோதனைகள் இவ்வளவு நெருக்கமாக வந்திருக்கின்றன. மாறியது பெரும்பாலும் அளக்கிற முறைதான்.

இந்தியாவில் லேப் ரிப்போர்ட்டில் mg/dL என்று அச்சடிப்போம். மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் சுகருக்கு mmol/L, கிரியேட்டினினுக்கு µmol/L. செட்டிநாட்டில் முக்கால்வாசி வளவுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் மலேயாவில் என்பதால் இந்தக் குழப்பத்தோடு என் மேஜைக்கு வருகிற ரிப்போர்ட்டுகள் கொஞ்சநஞ்சமில்லை. லேபில் உயிர்வேதியியல் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற அந்த அலகுதான் பாதி ரிப்போர்ட். அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் போனில் வாசித்தால் கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

mg/dL என்பது எடைக் கணக்கு. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் (லேப் அளப்பது பெரும்பாலும் அதிலிருந்து பிரித்தெடுத்த சீரம் அல்லது பிளாஸ்மா) அந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பது. mmol/L என்பது எண்ணிக்கைக் கணக்கு. ஒரு லிட்டரில் அந்தப் பொருளின் மூலக்கூறுகள் எத்தனை என்பதை மோல் என்ற பெரிய கட்டால் எண்ணுவது. ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ மூலக்கூறுகள், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். மோலை 1971-இல் பன்னாட்டு அலகுகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பல நாடுகள் மருத்துவத்திலும் அதற்கு மாறின, நாம் பழைய எடைக் கணக்கிலேயே இருக்கிறோம், அமெரிக்காவும் அப்படித்தான். இரண்டிலும் தப்பில்லை.

எடையை எண்ணிக்கையாக மாற்ற, ஒன்றின் எடை எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரு கிலோ சீப்புச்சீடையில் எத்தனை இருக்கும், ஒரு கிலோ அதிரசத்தில் எத்தனை இருக்கும் என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல மாட்டீர்கள் இல்லையா, சீடை சின்னது, அதனால் நிறைய வரும். குளுக்கோஸ், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் மூன்றும் வேறு வேறு எடையுள்ள மூலக்கூறுகள். அதனால் ஒவ்வொன்றுக்கும் வகுக்கும் எண் தனி. உங்கள் மகன் சொன்ன 18 குளுக்கோஸுக்கு மட்டுமே உரியது.

அந்த 18 எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் எதற்கும் மனப்பாடம் தேவைப்படாது. குளுக்கோஸ் மூலக்கூறில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6. கார்பன் ஒன்றுக்கு 12 வீதம் 72, ஹைட்ரஜன் ஒன்றுக்கு 1 வீதம் 12, ஆக்ஸிஜன் ஒன்றுக்கு 16 வீதம் 96. கூட்டினால் 180. தசமம் விடாமல் போட்டால் 180.16. அப்படியென்றால் ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180.16 மில்லிகிராம் எடை இருக்கும். இப்போது காரைக்குடி ரிப்போர்ட்டில் உள்ள 148-ஐ எடுங்கள். 100 மில்லியில் 148 மில்லிகிராம் என்றால் ஒரு லிட்டரில் அதைப் போலப் பத்து மடங்கு, 1480 மில்லிகிராம். 1480-ஐ 180.16-ஆல் வகுத்தால் 8.2. பத்தால் பெருக்கி 180-ஆல் வகுப்பதும், நேராக 18-ஆல் வகுப்பதும் ஒன்றுதான். அவ்வளவுதான் 18-இன் கதை.

திருப்பிப் போக வேண்டுமென்றால் பெருக்க வேண்டும். கோலாலம்பூரின் 7.8 × 18 = 140. ஆக, 7.8-க்கும் 8.2-க்கும், அல்லது 140-க்கும் 148-க்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அப்பச்சியின் சுகரில் நடந்தது. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த நாள் வெறும் வயிற்றில் எடுத்தாலே இந்த அளவு மேலும் கீழும் ஆடும். சுகர் நோய் உண்டா என்று முடிவு செய்யும் வெறும் வயிற்றுக் கோடு 126, அதையே அங்கே 7.0 என்பார்கள். இரண்டு எண்ணும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். எனவே "அங்கே நன்றாக இருந்தது, இங்கே வந்து கெட்டுப்போனது" என்று அப்பச்சி வருத்தப்பட வேண்டாம். அங்கேயும் இதே நிலைதான், டாக்டர் அதைப் பார்த்துக்கொள்வார்.

அண்ணன் வீட்டிலிருந்து குளுக்கோமீட்டர் ஏதும் கொடுத்து அனுப்பியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மீட்டர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை உண்டு. அங்கே வாங்கிய மீட்டர் mmol/L-இல்தான் காட்டும், பல மாடல்களில் அதை மாற்றவும் முடியாது. திரையில் 12.0 என்று வரும். கண் மங்கலான பெரியவர்கள், இந்த ஊர் எண்களுக்கே பழகியவர்கள், அந்தப் புள்ளியைக் கவனிக்காமல் 120 என்று படித்துவிடுவார்கள். 120 என்றால் நிம்மதியாகப் பலகாரம் சாப்பிடுவார்கள். ஆனால் 12.0 என்பது 216. அதேபோல 5.5 என்று வந்ததை 55 என்று படித்து, சுகர் தாழ்ந்துவிட்டது என்று பயந்து குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிடுவார்கள், 5.5 என்பது நம் கணக்கில் 99, ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. 3.9-க்குக் கீழே போனால்தான் தாழ்ந்த சுகர், நம் கணக்கில் 70. மீட்டர் வந்திருந்தால் அதன் பின்புறமோ திரையின் ஓரத்திலோ mmol/L என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி மீட்டரிலேயே ஒட்டிவிடுங்கள். இதைவிட நல்லது, இந்த ஊரில் இருக்கும்வரை இந்த ஊர் மீட்டரை வைத்துக்கொள்வது. ஸ்ட்ரிப் கிடைப்பதும் சுலபம்.

சரி, கொலஸ்ட்ரால். உங்களுக்கு 10.9 வந்ததே, அதுதான் எனக்கு இந்தக் கடிதத்தில் ரொம்ப உறுத்திய எண். 10.9 mmol/L கொலஸ்ட்ரால் நிஜமாகவே ஒருவருக்கு இருந்தால் நம் கணக்கில் அது 420-க்கு மேல். பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் பார்க்கிற எண் அது, அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கலங்கியிருப்பீர்கள். காரணம் 18 தான். கொலஸ்ட்ரால் மூலக்கூறில் கார்பன் 27, ஹைட்ரஜன் 46, ஆக்ஸிஜன் ஒன்றே ஒன்று. 27 × 12 = 324, அதோடு 46, அதோடு 16, மொத்தம் 386. நுட்பமாகப் போட்டால் 386.65. குளுக்கோஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். பத்தால் பெருக்கி 386.65-ஆல் வகுப்பதற்குப் பதில் நேராக 38.67-ஆல் வகுக்கலாம். 196 ÷ 38.67 = 5.07. கோலாலம்பூரில் 5.4, அதை 38.67-ஆல் பெருக்கினால் 209. 18-ஆல் வகுத்தபோது விடை இரண்டு மடங்குக்கு மேல் வீங்கியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ராலுக்குக் கீழே எல்டிஎல், எச்டிஎல் என்று வரிகள் இருக்கும். அவற்றுக்கும் இதே 38.67 தான், ஏனென்றால் அங்கே அளப்பது அந்தத் துகள்களுக்குள் இருக்கிற கொலஸ்ட்ராலைத்தான். எல்டிஎல் 100 என்றால் 2.6, 70 என்றால் 1.8. ஆனால் அதே பட்டியலில் இருக்கிற டிரைகிளிசரைடுக்கு 38.67 போடக் கூடாது. பட்டியல் ஒன்று என்பதால் எண்ணும் ஒன்று என்று நினைத்துப் பலர் தடுமாறும் இடம் இது. டிரைகிளிசரைடு இன்னும் பெரிய மூலக்கூறு, அதற்கு 88.57. 150 mg/dL டிரைகிளிசரைடு 1.7 mmol/L ஆகும். தவறாக 38.67-ஆல் வகுத்தால் 3.9 என்று வந்து ஆளைப் பயமுறுத்தும்.

இப்போது கிரியேட்டினின். உங்கள் வீட்டு விஷயத்தில் முக்கியமானது இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் சின்ன மூலக்கூறு: கார்பன் 4, ஹைட்ரஜன் 7, நைட்ரஜன் 3, ஆக்ஸிஜன் 1. 48 + 7 + 42 + 16 = 113. நுட்பமாக 113.12. காரைக்குடியின் 1.4-ஐ எடுத்தால், லிட்டருக்கு 14 மில்லிகிராம். 14-ஐ 113.12-ஆல் வகுத்தால் 0.124 மில்லிமோல். இப்படி 0.124, 0.115 என்று எழுதினால் படிப்பதற்குச் சிரமம், புள்ளியும் பூச்சியமும் தவறிப்போகும், அதனால் ஆயிரத்தால் பெருக்கி மைக்ரோமோலில் 124 என்று எழுதுகிறார்கள். அந்த ஆயிரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்ததுதான் 88.4 என்ற எண்: mg/dL-ஐ 88.4-ஆல் பெருக்கினால் µmol/L. கவனியுங்கள், சுகருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு வகுத்தோம், இங்கே பெருக்குகிறோம். மூன்றையும் ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டுமென்றால்:

```
குளுக்கோஸ்      mmol/L = (mg/dL) ÷ 18.016
கொலஸ்ட்ரால்    mmol/L = (mg/dL) ÷ 38.67
கிரியேட்டினின்  µmol/L = (mg/dL) × 88.4
```

கோலாலம்பூரின் 115 ÷ 88.4 = 1.30. இங்கே 1.4. அப்போ கிட்னி இதற்குள் கொஞ்சம் மோசமாகிவிட்டதா? இதற்கு எண் மாற்றும் கணக்கு மட்டும் பதில் சொல்லாது.

நம் ஊர் லேப்களில் பலர் கிரியேட்டினினை ஒரு தசமத்தோடுதான் அச்சடிக்கிறார்கள். 1.4 என்று காகிதத்தில் வந்தால் மெஷின் காட்டியது 1.35-ஆகவும் இருந்திருக்கலாம், 1.44-ஆகவும் இருந்திருக்கலாம். மைக்ரோமோலில் சொன்னால் 119-இலிருந்து 127 வரை எதுவாகவும் இருக்கலாம். கோலாலம்பூர் லேப் 115 என்று முழு எண்ணாகக் கொடுத்தபோது அதில் ஒரு மைக்ரோமோல் நுட்பம் இருந்தது, 0.1 என்ற நம் ஒரே படியில் கிட்டத்தட்ட 9 மைக்ரோமோல் அடங்கிவிடுகிறது. 119 வந்திருந்தால் நம் ரிப்போர்ட்டில் 1.3 என்று போயிருக்கும், 120 வந்திருந்தால் 1.4. ஒரே ஒரு மைக்ரோமோல், ஆனால் காகிதத்தில் ஒரு படி ஏறியதாகத் தெரியும். ஆகவே 1.3-க்கும் 1.4-க்கும் இடையில் உள்ளதை வைத்துக் கிட்னி ஏறியது, இறங்கியது என்று பேசவே முடியாது. சுகரில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே 7.8 என்று ஒரு தசமத்தில் நிறுத்தினாலும் நம் கணக்கில் ஒரு புள்ளிக்கு மேல் தவறாது.

அப்புறம் சாப்பாடு. வேகவைத்த கறியில் கிரியேட்டினின் உருவாகிவிடுகிறது, அது குடலிலிருந்து நேராக ரத்தத்தில் சேர்ந்து சில மணி நேரத்துக்கு அளவை உயர்த்திக் காட்டும். ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்த மனிதருக்கு உங்கள் வீட்டில் என்ன சமைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆட்டுக்கறியும் எலும்புக் குழம்பும் முதல்நாள் ராத்திரி தட்டில் இருந்திருந்தால் மறுநாள் காலையில் எடுத்த ரத்தத்தில் அதன் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதோடு பயணக் களைப்பு, போதுமான தண்ணீர் குடிக்காமல் விமானத்தில் வந்தது, இதெல்லாமும் சேரும்.

மூன்றாவது விஷயம் லேப் அளக்கிற முறை. கிரியேட்டினினை ஜாஃபே என்ற பழைய நிறமாற்ற முறையிலும் அளக்கிறார்கள், நொதி முறையிலும் அளக்கிறார்கள். ஜாஃபே முறையில் குளுக்கோஸ், கீட்டோன், புரதம் போன்றவையும் சேர்ந்து நிறம் கொடுத்து விடையைச் சற்றுக் கூட்டிக்காட்டும். அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை என்றால் அலகை எவ்வளவு சரியாக மாற்றினாலும் சின்ன வித்தியாசம் நிற்கும். 88.4-ஆல் சரி செய்ய முடியாத வித்தியாசம் அது. அதனால்தான் கிரியேட்டினினைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் ஒரே லேபில் எடுங்கள் என்று சொல்கிறோம்.

இவ்வளவும் சொன்னது "ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்" என்பதற்காக இல்லை ஆச்சி. 1.3 என்றாலும் 1.4 என்றாலும் 72 வயது ஆணுக்கு அது கவனிக்க வேண்டிய எண். ஜிஎஃப்ஆர் என்று ஒரு கணக்கு உண்டு, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து மதிப்பிடுவது. இப்போது பரவலாகப் பயன்படுத்துகிற 2021 சூத்திரத்தில் போட்டால் 1.3-க்குச் சுமார் 58, 1.4-க்குச் சுமார் 53 வருகிறது. இரண்டும் 60-க்குக் கீழே. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் நாள்பட்ட கிட்னி பாதிப்பு என்ற வகையில் சேர்ப்பார்கள். உங்களிடம் ஆறு மாதப் பயணத்தின் ஒரு ரிப்போர்ட்டும் இப்போதைய ஒரு ரிப்போர்ட்டும் இருக்கின்றன. மலேசிய ரிப்போர்ட்டின் தேதியைப் பாருங்கள், அது மூன்று மாதத்துக்கு முந்தையது என்றால் டாக்டருக்கு அந்தத் தேதி ரொம்ப முக்கியம். அங்கே அந்த மாத்திரையை எழுதியதற்கு இதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆக, கிட்னி சரியாகிவிட்டது என்று நினைத்து நிறுத்தியது சரியில்லை.

ஜிஎஃப்ஆரை நீங்களே போனில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் mg/dL, µmol/L என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். mg/dL என்று வைத்துவிட்டு 115 என்று அடித்தால் விடை கிட்டத்தட்டப் பூச்சியம் என்று வரும், வீடே அலறும். µmol/L என்று வைத்துவிட்டு 1.4 அடித்தால் இளவட்டங்களுக்கே வராத பெரிய எண் வரும், அப்பச்சி மறுபடியும் மாத்திரையைத் தூக்கி வைத்துவிடுவார்.

எண்ணை மாற்றியது சரியா என்று சரிபார்க்க நான் எப்போதும் செய்வது ஒன்று. ரிப்போர்ட்டில் விடைக்குப் பக்கத்தில் இயல்பு அளவு என்று ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். அதையும் சேர்த்து மாற்றிப் பாருங்கள். ஆண்களுக்குக் கிரியேட்டினின் பல லேப்களில் 62 – 106 என்று இருக்கும். 62 ÷ 88.4 = 0.70, 106 ÷ 88.4 = 1.20. நம் ஊர் லேப்பில் 0.7 – 1.2 என்று அச்சாகியிருந்தால் உங்கள் கணக்கு சரி. லேபுக்கு லேப் வரம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் மாற்றிய வரம்பு இந்த ஊர் வரம்புக்குப் பக்கத்திலேயே வராமல் எங்கோ போய் நின்றால் தவறான எண்ணைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 18-ஐப் போட்டுக் கொலஸ்ட்ரால் வரம்பை மாற்றியிருந்தால் உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும்: நம் ஊரில் 200-க்குள் என்று இருப்பது 11-க்குள் என்று வந்திருக்கும், மலேசிய ரிப்போர்ட்டிலோ 5.2-க்குள் என்று இருக்கும்.

ரிப்போர்ட்டில் எல்லா வரியையும் இப்படி மாற்ற வேண்டியதில்லை. எச்பிஏ1சி இரண்டு ஊரிலும் சதவீதத்தில் இருந்தால் அப்படியே ஒப்பிடலாம், 7.2 என்றால் அங்கேயும் 7.2 தான், அதை 18-ஆல் பெருக்கக் கூடாது. சில ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே mmol/mol என்று 53, 55 மாதிரி ஒரு எண்ணும் கொடுப்பார்கள், அது வேறு சூத்திரம், 53 என்பது 7.0 சதவீதம். யூரியாவில் மட்டும் ஜாக்கிரதை: சில லேப் யூரியா என்று முழு மூலக்கூறையும், சில லேப் BUN என்று அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடைபோட்டுக் கொடுக்கும். இரண்டும் mg/dL தான், ஆனால் 40 யூரியா என்பது BUN-இல் ஏறக்குறைய 19. எது என்று பெயரைப் பார்த்துவிட்டு டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, சோதனையின் பெயர், அங்கே வந்த எண் அதன் அலகோடும் தேதியோடும், அதை நம் அலகுக்கு மாற்றிய எண், இங்கே வந்த எண் என்று மூன்று வரி எழுதுங்கள். சுகர் 7.8 mmol/L, 140, 148. கொலஸ்ட்ரால் 5.4 mmol/L, 209, 196. கிரியேட்டினின் 115 µmol/L, 1.30, 1.4. மாற்றிய எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூல எண்ணை விட்டுவிடாதீர்கள், கணக்கில் தவறு இருந்தால் டாக்டர் பிடிக்க அதுதான் வழி. அசல் ரிப்போர்ட்டுகளையும் தாளோடு சேர்த்து எடுத்துப் போங்கள், மாத்திரை அட்டையையும்.

கிரியேட்டினினை ஒரு தடவை திரும்ப எடுக்கச் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். எடுப்பதாக இருந்தால் அதே காரைக்குடி லேபிலேயே எடுங்கள், முந்தின நாள் முழுக்கக் கறி, எலும்புச் சாறு வேண்டாம், வழக்கம்போலத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். ரத்தம் கொடுக்கும்போது கிரியேட்டினினை இரண்டு தசமத்தில் தர முடியுமா என்று கேளுங்கள். மெஷினில் அந்த எண் இருக்கும், கேட்டால் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார்கள். 1.4 என்று வராமல் 1.36 என்றோ 1.43 என்றோ வந்தால், அதை 88.4-ஆல் பெருக்கி 120 என்றோ 126 என்றோ கோலாலம்பூரின் 115-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அண்ணன் அங்கே இருக்கிற டாக்டரிடம் காட்டுவதாக இருந்தால் அந்த மைக்ரோமோல் எண்ணையே அனுப்பச் சொல்லுங்கள், கூடவே அலகையும் எழுதி.